முடிவை முதலில் எழுதிவிட்டோம்

எழுத்து அழகு என்று ஒருமுறை பேர் வாங்கிவிட்டால் அப்புறம் தப்பிக்க முடியாது. எங்கள் வகுப்பில் எந்தப் போஸ்டர் என்றாலும் "சர்மிளாவக் கூப்பிடு" என்பார்கள். கொப்பியைக் கையில் தருவார்கள், நான் பார்த்து எழுதிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். பரிசு வாங்குவது வேறு ஆட்கள். இந்த முறைதான் ஜஹானா என்னையும் குழுவில் சேர்த்தாள். போஸ்டரின் தலைப்புக்குக் கீழே அவள் பெயருக்குப் பக்கத்தில் என் பெயரும் இருந்தது. அதை நான்தான் எழுதினேன், கொஞ்சம் பெரிதாகவே.

எங்கள் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரே ஒரு குழுதான் வெள்ளிக்கிழமை கண்டியில் நடக்கும் வலய விஞ்ஞானப் போஸ்டர் போட்டிக்குப் போகும். ரமேஸ் குழுவின் மின்காந்தப் போஸ்டர் ஏற்கனவே முடிந்து, பொலித்தீன் சுற்றி, சுவரில் சாய்ந்து நின்றது. எங்களுடையது வியாழன் மூன்று மணிக்குள் முடியாவிட்டால் அதுதான் போகும் என்று விஞ்ஞான ஆசிரியர் ராஜலிங்கம் சேர் சொல்லிவிட்டார். அதோடு வெட்டி ஒட்டினாலோ டிபெக்ஸ் பூசி அழித்தாலோ எடுக்கவே மாட்டேன் என்றும் சொல்லியிருந்தார். "நடுவர் பாக்கிறது மொதல்ல சுத்தத்ததான்" என்பது அவருடைய கொள்கை.

எங்கள் ஆய்வு இதுதான். ஆற்றுத் தண்ணீரின் கலங்கலை அதிகம் தெளியவைப்பது மணலா, கரியா, தேங்காய் மட்டைத் தும்பா? மூன்று பிளாஸ்டிக் போத்தல்களின் அடியை வெட்டி, தலைகீழாக நிறுத்தி, வாயில் துணி கட்டி, ஒவ்வொன்றிலும் பத்து சென்ரிமீற்றர் உயரத்துக்கு ஒரு பொருளை நிரப்ப வேண்டும். எல்லாவற்றுக்கும் ஒரே அளவு தண்ணீர். வடிந்ததை நீளமான கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, அடியில் கறுப்பால் போட்ட பெருக்கல் குறி போன்ற புள்ளடி கண்ணுக்கு மறையும் உயரத்தை அளக்க வேண்டும். உயரம் கூடக் கூடத் தண்ணீர் தெளிவு. வடிக்காத தண்ணீரையும் சேர்த்து ஒவ்வொன்றையும் மூன்று தடவை அளந்து சராசரி எடுக்க வேண்டும்.

எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. ஆனால் மகாவலி ஆறு எங்களுக்காகக் கலங்கவில்லை. மழையில்லாமல் ஒரு கிழமை தெளிவாக ஓடியது. சும்மா இருக்கக்கூடாதே என்று திங்கட்கிழமையே சேர் நோக்கம், செய்முறை, பெறுபேறு, முடிவு நான்கையும் கொப்பியில் எழுதச் சொன்னார். பெறுபேற்றை மட்டும் வெறுமையாக விட்டுவிட்டு, கரிதான் நன்றாக வடிக்கும் என்று எல்லோரும் சொல்வதை வைத்து முடிவையும் எழுதினோம். சேர் அதையும் சேர்த்துச் சிவப்புப் பேனையால் ஒப்பம் வைத்தார். எங்கள் பள்ளிக்கூடத்தில் அப்படித்தான். ஒப்பம் விழுந்தால் போஸ்டரில் ஏற்றலாம். நானும் பிரிஸ்டல் போர்டில் இடது பக்கம் நோக்கமும் செய்முறையும், வலது பக்கம் அடியில் முடிவும் மார்க்கரால் எழுதினேன். நடுவில் பெரிய இடம் காலியாகக் கிடந்தது. "கரியே ஆற்று நீரை அதிகம் தெளியவைக்கிறது." தள்ளி நின்றாலும் வாசிக்கலாம், அவ்வளவு தெளிவான எழுத்து.

புதன் இரவு மழை கொட்டியது. வியாழன் காலையில் பாலத்தடியில் வாளியில் அள்ளிவந்த தண்ணீர் பால் தேத்தண்ணி மாதிரி இருந்தது. பன்னிரண்டு தடவை அளந்து முடிய மணி ஒன்றரை ஆகிவிட்டது. பள்ளிக்கூடம் விட்டு எல்லோரும் போய்விட்டார்கள். ஆய்வுகூடத்தில் நாங்கள் இரண்டு பேர்தான்.

ஜஹானா சராசரியை எழுதி என் பக்கம் தள்ளினாள். வடிக்காத தண்ணீர் ஆறு. தும்பு பத்து. கரி பதினைந்து. மணல் இருபத்திரண்டு.

"கூட்டல் பிழைச்சிருச்சா?" என்றேன்.

"ரெண்டு தரம் கூட்டிட்டன்."

நானும் கூட்டினேன். மணல் இருபத்திரண்டு, இருபது, இருபத்துநான்கு. கரி பதின்மூன்று, பதினாறு, பதினாறு. கரியின் ஆகக் கூடிய அளவுகூட மணலின் ஆகக் குறைந்ததைத் தொடவில்லை. போஸ்டரின் மூலையில் என் அழகான எழுத்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. வேறு போர்ட் இல்லை. இருந்தாலும் முழுவதையும் திரும்ப எழுத நேரமில்லை.

ஜஹானா வாசலை ஒருதரம் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள். "புள்ள, நிரல் வரைப இன்னும் கீறல்லதானே. பெரிய நிரலுக்குக் கீழ கரின்டு எழுது. சின்னதுக்கு மணல். யாருக்குத் தெரியும்?"

உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் ஆசை வந்தது. இரண்டு சொல்தானே. மார்க்கரின் மூடியைக் கழற்றியும் விட்டேன். அப்புறம் கோபம் வந்தது. அவள் மேல் இல்லை, என் மேல்தான். காலையிலிருந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு குழாய்க்குள் புள்ளடியைத் தேடினது யார்? இன்றைக்குத்தான் முதல்முறையாக நான் எழுதுவது எனக்கே தெரிந்த விஷயம். அதையா மாற்றி எழுதுவது?

"மாட்டேன்" என்றேன்.

"அப்ப ரமேஸ்ட போஸ்டர்தான் போகும்."

"போகட்டும் போ." சொல்லும்போது அழுகை முட்டியது. போக வேண்டும் என்று எனக்கு ஆசையில்லையா என்ன?

ஜஹானா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சுவர்க் கடிகாரத்தில் இரண்டு பத்து. பிறகு அவளே அடிமட்டத்தை எடுத்து வரைபின் அச்சுக்குப் பூச்சியத்திலிருந்து கோடு போடத் தொடங்கினாள். "உயரம், அடைப்புக்குள்ள செ.மீ. எழுது. அலகு இல்லாட்டி புள்ளி வெட்டுவாங்க" என்றாள். குரல் அவளுடையது மாதிரியே இல்லை.

அட்டவணை, வரைபு, மூன்று தடவை அளந்த எண்கள் எல்லாவற்றையும் நடுவில் ஏற்றினோம். பிறகு வெள்ளைத் தாளில் முடிவை நானே யோசித்து எழுதினேன். "நாம் சோதித்த மூன்றில் மணலே ஆற்று நீரை அதிகம் தெளியவைத்தது, சராசரி உயரம் 22 செ.மீ. கரி நன்றாகத் தெளியவைக்கும் என எதிர்பார்த்தோம். அது 15 செ.மீ. மட்டுமே. தெளிவை மட்டுமே அளந்தோம். இந்த நீர் குடிக்க உகந்ததா என இந்த ஆய்வு சொல்லாது." நோக்கத்தில் கேட்ட கேள்விக்கு இது பதில்தானா என்று ஜஹானா விரல் வைத்து இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தாள். தலையாட்டினாள். பழைய முடிவின் மேல் ஒட்டினோம். ஒரு மூலை சுருங்கி நின்றது. அமுக்க அமுக்கத் திரும்ப எழும்பியது.

மூன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது சேர் வந்தார். போஸ்டரை ஏற்றிப்போக வாசலில் ஓட்டோ நின்றது. அவர் கண் நேராக அந்த மூலைக்குத்தான் போனது.

"என்ன இது? ஒட்டக்கூடாதுன்னு எத்தன தரம் சொன்னேன்?"

ஜஹானாதான் பேசினாள். "அளக்க முதல் முடிவ எழுதிட்டம் சேர். அளந்தா வேற மாதிரி வந்திச்சி."

"கரிதானே நல்லா வடிக்கும்?"

"கரி மணத்த எடுக்கும், நெறத்த எடுக்கும் சேர்" என்றேன் நான். எங்கிருந்து வந்ததோ அந்தக் குரல். "சேத்தப் பிடிக்கிறது மணல். கரித்துண்டு பெரிசு, இடைவெளியில எல்லாம் ஓடிருது. வேணும்னா இப்ப இன்னொருக்கா ஊத்திக் காட்டறேன். வாளில தண்ணி இருக்கு."

அவர் குனிந்து ஒவ்வொரு எண்ணாக வாசித்தார். பிறகு சுருங்கிய மூலையை நகத்தால் தூக்கி அடியில் இருந்ததைப் பார்த்தார். கிழித்தே விடப் போகிறார் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

கதிரை இழுபடும் சத்தம் கேட்டது. கண்ணைத் திறந்தபோது சேர் உட்கார்ந்திருந்தார். மேசையில் கிடந்த ஜஹானாவின் கொப்பியில் திங்கட்கிழமைப் பக்கத்தைத் திறந்து, தன்னுடைய சிவப்பு ஒப்பத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நானும்ல ஒப்பம் வச்சிருக்கேன்" என்றார்.

வெளியே ஓட்டோக்காரர் ஹோர்ன் அடித்தார்.

சேர் எழுந்து அலுமாரியிலிருந்து பசைப் போத்தலை எடுத்துவந்தார். அந்த மூலைக்கு அடியில் தடவி, கைக்குட்டையை வைத்து, எண்பது வரை எண்ணும் நேரம் உள்ளங்கையால் அமுக்கிப் பிடித்தார். எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது.

"தூக்குங்க ரெண்டு பேரும்" என்றார். "பாத்து, ஈரம் காயல்ல."