மஞ்சள் தடவாத கவர்

2006 பொங்கலுக்கு நாலு நாள் இருந்தது. நூற்றிருபது கவர்களின் மூலைகளிலும் மஞ்சள் தடவி முடித்த பிறகுதான் லட்சுமிகாந்தம் முகவரிகளைப் பார்த்தார். ஒன்றில் கை நின்றது.

"ரோஜா, வெம்பக்கோட்டை இராமகிருஷ்ணனுக்குப் பொங்கல் வாழ்த்தா?"

லட்சுமிகாந்தத்தின் சிறிய பட்டாசு லேபிள் அச்சகத்தில் கடிதம் எழுதுவது ரோஜாவின் வேலை. போன வருஷப் பட்டியலைப் பார்த்து அப்படியே எழுதிவிட்டாள். ஆவணியில் இராமகிருஷ்ணனின் பட்டாசுக் கம்பெனி வெடித்தது. அவர் தம்பியும் மூன்று வேலையாட்களும் செத்தார்கள். லைசென்ஸை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அந்த வீட்டில் இந்த வருஷம் பொங்கல் கிடையாது.

"தொழில் பொங்கிப் பெருகட்டும்னு அச்சடிச்சு அனுப்புதோம். நல்லாருக்கும்."

"எடுத்துருதேன் அண்ணாச்சி."

"எடுத்தா மட்டும்? ஊர்க் கம்பெனிக்கெல்லாம் நம்ம வாழ்த்து போகுது. அவருக்கு மட்டும் போகலைன்னா, லைசென்ஸ் போனதும் கைகழுவிட்டான்னு நெனைப்பாரு. நம்ம வேலையில பாதி அவரு ஆர்டரு. திறக்கும்போது வேற பிரஸ்ஸுக்குப் போயிட்டாருன்னா ஒரு மெஷின நிறுத்தணும். அப்புறம் ஆபீசுக்கு ஆளு எதுக்கு?"

கவர்களைக் கொண்டுபோய்க் கொடுக்கப் பையோடு வாசலில் நின்ற கதிரவன், "சாத்தூரு வரைக்கும் போகணும் அண்ணாச்சி" என்றான்.

"நீ ஏம்லே பறக்க?"

ரோஜா லெட்டர்பேடை எடுத்தாள். 'ஆழ்ந்த இரங்கல்' என்று எழுதி அடித்தாள். அதைப் பதினாறாம் நாளே நேரில் சொல்லியாயிற்று. 'மீண்டு வருவீர்கள்' என்று எழுதினாள். அதைச் சொல்ல நாம் யார்? அதையும் அடித்தாள். புதுத் தாளில் இரண்டே வரி எழுதி நீட்டினாள்.

'உங்கள் லேபிள்களை அச்சடிக்கும் பிலிம்கள் பதினெட்டும் எங்கள் பீரோவில் பத்திரமாக இருக்கின்றன. வேறு யாருக்கும் கொடுக்க மாட்டோம்.'

"ஆர்டர் கேக்குற மாதிரில்ல இருக்கு."

"கேக்கலையே அண்ணாச்சி. இருக்கதச் சொல்லுதோம். கம்பெனி திறக்காதுன்னு நெனைச்சா எவன் பிலிமை வச்சிருப்பான்?"

அவர் இரண்டு தடவை படித்தார். கையெழுத்துப் போட்டார். "கோவிச்சுக்கிட்டாருன்னா நீதான் பதில் சொல்லணும்."

மஞ்சள் தடவாத கவர் ஒன்று கதிரவன் பையில் தனியாகப் போனது.

நாலு மணிக்குப் போன் அடித்தது. லட்சுமிகாந்தம் எடுத்ததும் எழுந்து நின்றார். ரோஜாவும் எழுந்தாள். மறுமுனையில் இராமகிருஷ்ணனின் குரல் அவளுக்கும் கேட்டது.

"கடுதாசி வந்துச்சு. பிலிம்ல 'இராமகிருஷ்ணன் பிரதர்ஸ்'னு இருக்கும்லா?"

"ஆமா அண்ணாச்சி. பேரை மாத்தணுமா?"

"மாத்தாதீக. அப்படியே இருக்கட்டும்."

இராமகிருஷ்ணன் போனை வைத்துவிட்டார். லட்சுமிகாந்தம் ரிசீவரைப் பிடித்தபடியே கேட்டார்.

"பிலிமை எண்ணிப் பாத்துட்டுத்தான எழுதுன?"

"இல்ல. பழைய ஞாபகத்துல எழுதுனேன்."

"எண்ணு."

ரோஜா பீரோவைத் திறந்தாள். பதினேழு இருந்தது. மறுபடி எண்ணினாள். பதினேழுதான். ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தாள். ஒன்பதாவதோடு ஒட்டிக்கொண்டு இன்னொன்று இருந்தது.