என்னைக் கழித்த விலை

அண்டைக்கு எனக்கு வந்த கோபத்துக்கு அமிர்தநாயகம் அண்ணையின்ர மூக்குக் கண்ணாடியைப் பிடுங்கிக் கடலில எறிஞ்சிருப்பன். கடையை விக்கிறது நான். விலை மதிக்க வந்த மனிசன் என்னட்டக் கேக்கிறார்: "பெற்றிசியா, மாசம் எவ்வளவு சம்பளம் எடுக்கிறனீ?"

"என்ர கடையில எனக்கு ஆரண்ணை சம்பளம் தாறது?"

"அப்ப உன்ர இடத்தில ஒரு ஆளை வைச்சா என்ன குடுக்கவேணுமோ, அதை லாபத்தில கழிக்கவேணும்" எண்டார்.

அவர் கூட்டுறவுச் சங்கக் கடையில கணக்குப் பார்த்து ஓய்வெடுத்தவர். எனக்கும் வாங்க வந்த வஸீருக்கும் பொதுவான ஆள். வஸீருக்கு மன்னார் ரவுணில ஒரு கடை இருக்கு. பள்ளிமுனையில என்ர கடையையும் எடுத்து நடத்த ஆசைப்பட்டார். அரிசி, சீனியில இருந்து வலை பொத்துற நூல் வரைக்கும் விக்கிற கடை. கட்டடம் வாடகைதான்.

எனக்கு இந்தக் கடையை விட்டுப் போகவேணும். மகள் செலீனா வவுனியாவில ரெண்டாவது பிள்ளையை வயித்தில வைச்சுக்கொண்டு இருக்கிறாள். முதல் பேரனை ஞானஸ்நானத்திலதான் கண்டனான், பின்னேர பஸ்ஸிலயே திரும்பி ஓடி வந்தனான், கடை பூட்டிக் கிடக்குதெண்டு. இந்த முறை அப்பிடி இல்லை. விக்கிற காசில அவளின்ர வீட்டுக்குப் பின்னால ஒரு அறை போட்டு அங்கயே இருக்கப்போறன். அந்த அறை இல்லாட்டி எனக்கு அங்க படுக்க இடமில்லை.

அண்ணை போட்ட கணக்கில சாமானுக்கு நான் வாங்கின விலை. திகதி முடிஞ்சதையும் துருப்பிடிச்ச தூண்டிலையும் புறம்பாக்கினம். அலுமாரிக்கும் பிறிஜ்ஜுக்கும் பழசு விக்கிற விலை. அதில எனக்கு வழக்கில்லை. ஆனா அது அறையின்ர ஒரு சுவருக்கும் காணாது.

"ஓடுற கடை எண்ட பேருக்கு?" எண்டன்.

"அதுக்கும் உண்டு. உன்ர சம்பளத்தைக் கழிச்சு மிஞ்சிற லாபத்தில ரெண்டு வருசத்து லாபம். வஸீருக்கும் சம்மதம்" எண்டார் அண்ணை.

அட, அறை எழும்பிட்டுது! நான் சும்மா இருந்திருக்கலாம். என்ர வாய் எங்க சும்மா கிடந்தது? "பள்ளிமுனை முழுக்க என்ர முகத்துக்குத்தான் வருகுது. எந்த வீட்டில ஆருக்குக் கடன் குடுக்கலாம், ஆர் எந்த நூல் கேப்பினம், எல்லாம் எனக்குத் தெரியும்" எண்டு பெருமை அடிச்சன். விலை கூடுமெண்டு நினைச்ச விசரி நான்.

வஸீரின்ர முகம் மாறிச்சுது. "அப்ப நீங்கள் போனா, அக்கா?"

அண்ணை ஒரு கதிரையை மூலையில போட்டார். "பெற்றிசியா, மத்தியானம் வரைக்கும் இதில இரு. வாய் திறக்கக்கூடாது. வஸீர் விக்கட்டும், பார்ப்பம்."

கடலுக்குப் போற சிங்கராசா வந்தார். நூல் கேட்டார். வஸீர் எடுத்துக் குடுத்ததைத் தடவிப் பார்த்திட்டு, "அக்கா வரட்டும்" எண்டு வைச்சிட்டுப் போனார். நான் மூலையிலதான் இருக்கிறன்! கண்ணை மூடிக்கொண்டு மாதாவைக் கும்பிட்டன்.

பிறகு றஞ்சிதம் வந்தா, சின்னவனை இடுப்பில வைச்சுக்கொண்டு. பால்மா கேட்டா. "காசு சனிக்கிழமை தாறன்" எண்டா. வஸீர் தயங்கினார். அவரில பிழையில்லை, ஆரெண்டு தெரியாத மனிசிக்கு அவர் எப்பிடிக் குடுக்கிறது? றஞ்சிதத்தின்ர முகம் சிவந்துபோச்சு. பால்மாப் பெட்டியைத் திரும்ப மேசையில வைச்சா.

செலீனாவின்ர அறையை நினைச்சன். பல்லைக் கடிச்சன். றஞ்சிதம் படியில இறங்கிறா.

"குடுங்கோ தம்பி! அவ சொன்னா சனிக்கிழமை தருவா!"

வாய் திறந்திட்டன். சீ, எனக்கு வேற வழி என்ன? அவ பால்மாவோட போனா.

"அக்கா, குறை நினைக்காதேங்கோ" எண்டு வஸீர் தாழ்ந்த குரலில சொன்னார். "நீங்கள் இண்டைக்கே போறதெண்டா சாமானுக்கும் தளபாடத்துக்கும் மட்டும் தாறன். ரெண்டு வருசம் கூட நிண்டு சனத்தை எனக்குப் பழக்கிவிட்டா, பேருக்குச் சொன்னதையும் முழுசாத் தாறன். அந்தக் காசு கடைசியிலதான். மாசம் சம்பளமும் தருவன்."

"நியாயம்தான் பெற்றிசியா" எண்டார் அண்ணை. நியாயமாம்! சனம் என்னைத் தேடாத கடையெண்டா முழுக் காசோட அண்டைக்கே பஸ் ஏறியிருப்பன்.

சாமான் காசோட போனா அறை இல்லை. அறை வேணுமெண்டா இங்க நிக்கவேணும். எத்தனை தரம் திருப்பிப் பார்த்தாலும் அவ்வளவுதான். ஓமெண்டு கையெழுத்து வைச்சன்.

பின்னேரம் செலீனா போன் எடுத்தாள். "அம்மா, வித்தாச்சோ? எப்ப வாறீங்கள்?"

"வித்தாச்சு பிள்ளை" எண்டன். அழுகை வந்திட்டுது. "வயித்தில இருக்கிறது ஓடித் திரியேக்க வாறன்."

சொல்லி முடிக்க முந்தி வாசலில சிங்கராசா. "அக்கா, எங்க போனனீங்கள்? நூல் தாங்கோ."

எழும்பி எடுத்துக் குடுத்தன்.