துள்ளிய முழங்கால்

தன் புருசன் கதிரவேலுவின் முழங்கால் துள்ளியது என்று இராசமலர் பிள்ளையாருக்கு மோதகம் அவித்தாள். சண்டையில் பாதை மூடி, அரிசிமாவுக்குத் தவம் கிடந்த காலம் அது. ஆனாலும் அவித்தாள்.

கதிரவேலுவுக்குக் கொஞ்சம் சலரோகம், சீனி வியாதி. கை மெலிந்து, கால் சோர்ந்து, மண்வெட்டி பிடிக்க முடியாமல் போனபோது, உடுவிலில் மருந்து கொடுக்கும் அப்போதிக்கரி சலரோகம் நரம்பைத் தின்றுவிட்டது என்றார். செத்த நரம்பென்றால் முழங்காலைத் தட்ட அது அசையாது, துள்ளத் தொடங்கினால் சுகம் வருகிறது என்று அர்த்தமாம். சொன்னவர் ஒருதரமும் தட்டிப் பார்க்கவில்லை. இராசமலர் அகப்பைக் காம்பால் தட்டினாள். கால் எகிறிச் செம்பைத் தட்டிவிட்டது.

“நரம்பு முழிச்சிட்டுது!”

“செம்பு நெளிஞ்சிட்டுது,” என்றான் கதிரவேலு. நாக்குத் தடித்தவன் போல இப்போது மெல்லத்தான் கதைப்பான்.

மிச்சத்தைக் கொழும்பில் சுகப்படுத்தலாம் என்று முடிவெடுத்தாள். கிளாலிக் கடலை இருட்டில் வள்ளத்தில் கடக்க வேண்டும். அந்தக் கடலில் சுடுபட்டுச் செத்தவர்களை அவளுக்குத் தெரியும். சுகம் வருகிற மனுசனை விட்டுவிட்டு இருக்க முடியுமா? வள்ளக்காரனிடம் சொல்லி வைத்தாள். கொழும்பு ஆஸ்பத்திரிக்கு டொக்டர் எழுதித் தரும் ஒரு துண்டு மட்டும் வேண்டும். சைக்கிள் கரியரில் அவனை ஏற்றி, அவன் உடுத்த சாரத்தைத் தன் இடுப்போடு முடிந்துகொண்டு, யாழ்ப்பாணத்தில் டொக்டர் கனிசியஸிடம் உழக்கினாள்.

டொக்டர் துண்டை எழுதவில்லை. கதிரவேலுவைக் கட்டிலில் படுக்கவைத்துக் கண்ணை மூடச் சொன்னார். பஞ்சாலும் ஊசியாலும் கால்விரலிலிருந்து தொட்டுக்கொண்டு வந்தார்.

“இது?”

“பஞ்சு.”

“இது?”

“ஊசி. நல்லாய்க் குத்துது, டொக்டர்.”

ஒன்றையும் பிழையாய்ச் சொல்லவில்லை. இராசமலருக்குப் பெருமை. டொக்டரின் முகம் மலரவில்லை. கையில் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே குழி விழுந்திருந்த சதையை அமத்திப் பார்த்தார். தொடையில் தோலின் கீழே புழு ஓடுவதுபோலச் சதை துடித்தது. வாயைத் திறந்து நாக்கைச் சும்மா வைத்திருக்கச் சொன்னார். அதுவும் துடித்தது.

சிறு சுத்தியலால் முழங்காலைத் தட்டினார். கால் எகிறியது.

“பாத்தியளே, நான் சொன்னனான்!” என்றாள் இராசமலர்.

கணுக்காலும் துள்ளியது. வாய்க்குக் கீழே நாடியில் விரலை வைத்துத் தட்ட, தாடையும் துள்ளியது. உள்ளங்காலின் வெளி ஓரத்தைக் கீற, பெருவிரல் மேலே நிமிர்ந்தது. டொக்டர் சுத்தியலை வைத்துவிட்டுக் கதிரையில் இருந்தார்.

“அம்மா, அப்போதிக்கரி சொன்னதிலை பாதி சரி. சலரோகம் கெடுத்த நரம்பெண்டால் கால் விறைக்கும், ஊசி தெரியாது. கணுக்கால்தான் முதலிலை துள்ளாமல் போகும். இவருக்கு உணர்ச்சி முழுக்க இருக்கு. சதை வத்தித் துடிக்குது, அது முள்ளந்தண்டிலையிருந்து சதைக்குப் போற நரம்பு சாகிறதாலை. அப்பிடி வத்தின கால் துள்ளவே கூடாது. துள்ளுது. மூளையிலையிருந்து இறங்கி வந்து அதை அடக்கிவைக்கிற நரம்பும் சாகுது. மேலையும் கீழையும் இரண்டும்.”

“அப்ப துள்ளினது சுகமில்லையோ?”

“இல்லையம்மா.”

“கழுத்து எலும்பு நெரிச்சிருக்கும். எத்தினை வெங்காய மூட்டை தூக்கினவர்!”

“அதைத்தான் நானும் ஆசைப்பட்டுத் தேடினனான். நாக்குக்கும் தாடைக்கும் போற நரம்பு கழுத்துக்கு மேலை. கழுத்திலை வாற வருத்தம் அங்கை ஏறாது. கொழும்பிலை நரம்புக்குக் கரண்ட் வைச்சுப் பாத்து, உறுதியாச் சொல்லுவினம். மாத்திறதுக்கு மருந்து அங்கையும் இல்லை. எங்கையும் இல்லை.”

“எவ்வளவு காலம்?” என்று கேட்டது கதிரவேலு.

“சிலபேருக்கு இரண்டு மூண்டு வருசம். சிலபேருக்குக் கூட. மெலியவிடாதேங்கோ, வயிறு நிறையச் சாப்பிடட்டும். சலரோகத்தை நான் பாக்கிறன். விழுங்கேக்கை நாடியைக் கீழை குனிக்கோணும்.”

சீனி, சோறு, கிழங்கு என்று எல்லாவற்றையும் சலரோகத்துக்குக் கூடாதென்று இராசமலர்தான் மறித்து வைத்திருந்தாள். அவன் அதையெல்லாம் எழுத்துப் பிசகாமல் கேட்டு மெலிந்திருந்தான்.

அப்போது கதிரவேலு சிரிக்கத் தொடங்கினான். சிரிப்பு நிற்கவில்லை. கண்ணீர் வந்தது, அதுவும் நிற்கவில்லை. வெளியே வாங்கில் முறைக்குக் காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

“உதுவும் இந்த வருத்தத்தாலைதானம்மா. மேல் நரம்பு சாகிறதாலை. மனம் சரியாய்த்தான் இருக்கு,” என்றார் டொக்டர்.

“என்ன பாக்கிறியள்? மனுசன் சிரிக்கிறார், அவ்வளவுதான்!” என்று வாங்குக்காரரை அதட்டிவிட்டு அவள் அவன் பக்கத்தில் ஏறி இருந்தாள். கடைவாயைச் சேலைத் தலைப்பால் துடைத்தாள். ஓயும்வரை முதுகில் கை வைத்திருந்தாள்.

ஓய்ந்ததும் அவன் கேட்டான்: “வள்ளம்?”

கொழும்பில் கட்டிலில் கிடத்தி, உறுதி என்று ஒரு சொல்லைக் கேட்டுக்கொண்டு திரும்பி வர வேண்டும், அதே கடலால், இன்னும் கூடச் சோர்ந்த மனுசனோடு. அவள் கனநேரம் யோசிக்கவில்லை.

“வேண்டாமப்பா. வீட்டை போவம்.”

“எனக்குக் கடல் பயம் எண்டு சொல்லுறது வெக்கமாய் இருந்தது,” என்றான் அவன்.

“எனக்கும் பயம்தான்.”

“பிறகேன் என்னை இழுத்துக்கொண்டு திரிஞ்சனி?”

அவள் டொக்டரைப் பார்த்து, “இவரைக் கட்டிலாலை எழுப்பேக்கை எங்கை பிடிக்கிறது? தோளிலை பிடிச்சால் நோகுது எண்டுறார். ஒருக்காக் காட்டுங்கோ,” என்றாள்.

டொக்டர் எழும்பி வந்தார்.