ஐந்து மில்லியும் கொசுறும்

காய்ச்சல் சிரப்புப் பெட்டிக்குள் வைக்கும் துண்டுச்சீட்டைத் தமிழாக்கியவள் பேனாவும் மதிப்பெண் தாளுமாக உட்கார்ந்திருந்தாள். சீட்டை முன்பின் பார்க்காத பத்துப் பேர் அதைப் படித்து, சொன்ன அளவை எடுத்துக் காட்ட வேண்டும். ஒன்பது பேர் சரியாகச் செய்தால்தான் அச்சுக்குப் போகும். இதுவரை வந்த ஒன்பது பேரில் எட்டுப் பேர் தேறிவிட்டார்கள், ஒருவர் தவறினார். அச்சகம் சாயங்காலம் வரைதான் காத்திருக்கும். விட்டால் அடுத்த முறை வர ஒரு மாதம்.

பத்தாவது ஆளாக ஒரு ஜவுளிக்கடைக்காரர் வந்தார். துணியைப் பார்ப்பதுபோல் சீட்டை வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார்.

"ஒரு வயசுக் குழந்தைக்கு ஒரு வேளைக்கு எவ்வளவுங்க?"

"அஞ்சு மில்லி."

"ஒரு நாளைக்கு?"

"இருபத்துநாலு மணி நேரத்துல நாலு தடவைக்கு மேல கூடாது. ஒவ்வொரு தடவைக்கும் நாலு மணி நேரமாவது இடைவெளி. ஏம்மா, மூணே முக்கால் மணின்னு முடிச்சுக்கலாமா?"

"இங்க பேரம் கிடையாதுங்க."

"சரி, கேட்டுப் பார்த்தேன்."

அவள் மனதுக்குள் துள்ளினாள். வண்ணத் தண்ணீர் நிரம்பிய பாட்டிலையும் ஊசியில்லாத சிரிஞ்சையும் நீட்டி, எடுத்துக் காட்டச் சொன்னாள். அவர் ஐந்தாம் கோடு வரை உறிஞ்சினார். அழகான ஐந்து. அதைக் கிண்ணத்தில் விட்டவர், மறுபடியும் கொஞ்சம் உறிஞ்சி மேலே சேர்த்தார்.

"ஐயா, இது என்ன?"

"கொசுறு. துணி கிழிக்கும்போதே நாலு விரல் கூட விடுறவன் நான். பச்சக் குழந்தைக்குப் போய் கணக்காவா குடுப்பாங்க?"

கேட்ட கேள்விக்கெல்லாம் சரியான பதில். 'சரி' என்று போட்டால் யார் கேட்கப் போகிறார்கள்? பேனா அந்தக் கட்டத்தின் மேல் சற்று நேரம் நின்றது. பிறகு 'தவறு' என்று குறித்தது. அவளே அச்சகத்துக்குப் போன் செய்து, இன்று வராது என்றாள்.

கடைக்காரர் முகம் வாடியது. "என்னாலயா?"

"சீட்டாலங்க. எவ்வளவு குடுக்கணும்னு எழுதினேன், கூட்டினா என்ன ஆகும்னு எழுதல."

"என்ன ஆகும்?"

"கூடக்கூடக் கல்லீரல் கெட்டுப்போகும்."

"அடப்பாவி! அதைச் சொல்லிட்டா ஒரு சொட்டு கூடப் போடுவேனா? வெறுமனே கூடாதுன்னா எவன் கேப்பான்?"

அளவு இருந்த வரிக்கு நேர் கீழே தடித்த எழுத்தில் எழுதினாள்: 'கோடு வரை மட்டும். அதற்கு மேல் சிறிதும் சேர்க்காதீர்கள். அளவு கூடினால் கல்லீரல் பாதிக்கப்படும்.' சிரப் நிறுவனத்திலிருந்து வந்திருந்த மருந்தாளுநர் படித்துப் பார்த்துச் சரியென்று தலையசைத்தார். இனிப் புதிதாகப் பத்துப் பேர் வேண்டும்.

"நானே நாளைக்கும் வர்றேனே?"

"உங்களுக்குத்தான் விடை தெரிஞ்சுபோச்சே."

"அப்ப என் சம்பந்தியை அனுப்புறேன். மளிகைக்கடை. அவர் கை என்னைவிட தாராளம். அந்த மனுஷன் கோட்டோட நிறுத்திட்டா, உலகமே நிறுத்தும்."

அவள் சிரித்துக்கொண்டே தாளின் முதல் வரிசையில் 'சம்பந்தி' என்று எழுதினாள்.