விலையும் வாசனையும்

கேள்விகளை எழுதும் வேலை சின்னவளுக்குப் போனது. பெரியவளுக்குக் கடை வாசல்.

இருவரும் அக்கா தங்கை பெற்ற பிள்ளைகள். சந்தை ஆய்வு நிறுவனம் ஒன்றில் ஒரே நாளில் இன்டர்னாகச் சேர்ந்தவர்கள். முடிவில் ஒருத்தியைத்தான் வேலைக்கு எடுப்பார்கள் என்று அன்றே சொல்லியாகிவிட்டது. அதிலிருந்து பெரியவளின் வீட்டில் சோற்றோடு சின்னவளையும் பரிமாறினாள் அம்மா. "அவ சுறுசுறுப்புல பாதியாவது உனக்கு இருக்கா?"

ஆய்வு, பாத்திரம் கழுவும் திரவம் பற்றியது. விற்பனை சரிகிறது. காரணம் விலையா, வாசனையா என்று கம்பெனிக்குத் தெரிய வேண்டும். சின்னவள் ஏழே கேள்விகளில் முடித்திருந்தாள். டீம் லீடர் காதில் போனை வைத்துக்கொண்டே படித்தார். "நறுக்குன்னு இருக்கும்மா" என்றார். பெரியவளுக்கு வயிறு எரிந்தது.

முழு ஆய்வுக்கு முன் சிலரிடம் கேட்டுப் பார்க்க வேண்டும். யாராவது எங்காவது தடுமாறினால் கேள்வியில் கோளாறு என்று பொருள். அதைப் பார்த்துச் சொல்வது பெரியவளின் பொறுப்பு. டேப்லெட்டோடு சூப்பர் மார்க்கெட் வாசலில் நின்றாள்.

ஐந்தாம் கேள்வியில் ஹெல்மெட்டைக் கக்கத்தில் இடுக்கியிருந்த ஒருவர் நின்றுவிட்டார். "விலையும் வாசனையும் உங்களுக்குத் திருப்தியா?" என்பது கேள்வி. ஆம் அல்லது இல்லை.

"வாசனை ஜோர். விலைதான் கடிக்குது. இப்ப நான் எதைத் தொடணும்?"

"உங்களுக்கு எது தோணுதோ அது, சார்."

"ரெண்டும் தோணுதே. ரெண்டு கேள்வியை எதுக்கும்மா ஒரே சட்டிக்குள்ள போட்டீங்க?"

சிரித்தபடி 'இல்லை' என்பதைத் தொட்டுவிட்டுப் போனார். அவருக்குப் பின் வந்த ஒரு பெண்ணும் அதே இடத்தில் விழித்தாள்.

பெரியவளுக்குப் புரிந்துவிட்டது. இந்தக் கேள்விக்கு ஊரே பதில் சொன்னாலும் கம்பெனிக்கு ஒன்றும் தெரியப்போவதில்லை. போனை எடுத்தாள். 'நறுக்குன்னு இருக்கு' என்ற குரல் காதில் ஓடியது. டீம் லீடருக்கு அனுப்பினாள்: "பிரச்சினை ஏதுமில்லை, மேடம்." அனுப்பியபின் மனம் லேசானது. அது லேசானதுதான் அவளுக்கே கொஞ்சம் பயமாக இருந்தது.

மறுநாள் முழு ஆய்வு தொடங்கியது. மதியத்துக்குள் நிறையப் பேரிடம் கேட்டுவிட்டாள். அப்போது சின்னவள் வந்து நின்றாள். கையில் இன்னொரு டேப்லெட்.

"அக்கா, ஆபீஸ்ல உக்காந்தே இருக்க ஒரு மாதிரியா இருக்கு. கடையோட இன்னொரு கதவை நான் பாத்துக்கறேன்."

மூன்றாவது ஆளிடமே சின்னவள் கேட்பதை நிறுத்திவிட்டாள். ஓரமாகப் போய் போனில் பேசினாள். "மேடம், அஞ்சாவது கேள்வில நான் தப்புப் பண்ணிட்டேன். பிரிச்சுடலாமா?"

டீம் லீடர் நேரிலேயே வந்தார். ஐந்தாம் கேள்வி இரண்டானது. அதற்கு அதுவரை வந்த பதில்களைக் கழித்துவிடச் சொன்னார். அத்தனையும் பெரியவள் வெயிலில் நின்று வாங்கியவை. "எழுதினவளே களத்துக்கு வந்து தன் கேள்வியைப் பிடிச்சிருக்கா. பரவால்லையே!" என்றார்.

தப்புச் செய்ததற்கும் பாராட்டு. பெரியவள் பல்லைக் கடித்தாள்.

"ஏன்க்கா, உன்கிட்ட யாருமே தடுமாறலையா?"

"இல்ல."

"நீ அவசரக்காரங்களாப் பாத்துப் பிடிச்சிருப்ப போல."

கதவு திறந்தது. ஹெல்மெட்காரர். பால் வாங்க வந்திருப்பார். சின்னவளின் டேப்லெட்டை எட்டிப் பார்த்தார். "அட, பிரிச்சுட்டீங்களா! நேத்தே இந்தப் பொண்ணுகிட்ட சொன்னேன்."

டீம் லீடர் திரும்பினார். சின்னவள் பெரியவளைப் பார்த்தாள். ஒரு கணம்தான். எல்லாம் அவளுக்கு விளங்கிவிட்டது; முகத்திலேயே தெரிந்தது.

"ஆமா சார்" என்றாள் சின்னவள். "அக்கா என்கிட்ட சொன்னாங்க. நான்தான் காதுல வாங்கல."

ஹெல்மெட்காரர் தலையாட்டிக்கொண்டே உள்ளே போனார். "ஓ, அதனாலதான் எனக்குப் 'பிரச்சினை ஏதுமில்லை'ன்னு வந்துதா? அப்ப ரெண்டு பேருமா கண்டுபிடிச்சதுதான்!" என்றார் டீம் லீடர்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். வேலைக்கான போட்டி அப்படியே இருக்கும். பெரியவள் சின்னவளைப் பார்த்தாள். அந்த முகத்தில் கோபமும் இல்லை, ஏளனமும் இல்லை. கேள்வி எழுதுவது அவளுக்கு. பாராட்டு அவளுக்கு. இப்போது இந்தப் பெருந்தன்மையும் அவளுக்கேவா?

"இல்ல மேடம்" என்றாள் பெரியவள். "அவளுக்கு ஒண்ணும் தெரியாது. அவர் சொன்னது என்கிட்டதான். நான் வேணும்னேதான் மறைச்சேன்."

டீம் லீடர் சின்னவளின் கையிலிருந்த டேப்லெட்டைக் காட்டி, "நீ ஆரம்பி" என்றார்.

பெரியவள் தன் டேப்லெட்டை அணைத்தாள். சின்னவளின் கண் கலங்கியிருந்தது. அழுகைகூட அவளுக்குத்தான் முதலில் வந்தது.