ஐந்தாவது பூட்டு

காலையில் ஃபிட்டர் கன்வேயரின் மெயின் சுவிட்சை அணைத்துப் பூட்டினார். பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும் எடைக்கு முட்டுக் கொடுத்தார். அவரோடு பழுதுபார்க்க வந்த மற்ற மூவரும் அதே சுவிட்சில் தங்கள் பூட்டுகளைப் போட்டார்கள். ஸ்டார்ட் பட்டனை அழுத்தியும் பெல்ட் அசையாததைப் பார்த்த பிறகே நால்வரும் உள்ளே இறங்கினார்கள்.

இப்போது வேலை முடிந்தது. கருவிகளை எண்ணி எடுத்து, எடைக்குக் கொடுத்த முட்டுக்கட்டையை நீக்கி, மூடிகளை மாட்டி, அவரவர் பூட்டை அவரவர் கழற்றிவிட்டார்கள். ஆனாலும் சுவிட்சில் ஒரு பூட்டு தொங்கியது. பூட்டியவர் பெயர் எழுத வேண்டிய அதன் அட்டை காலியாக இருந்தது.

"எவனோ மறந்துட்டான். வெட்டிப் போட்டு ஓட்டுய்யா, பெரியவங்க பார்க்க வந்திருக்காங்க" என்றார் பாதுகாப்பு மேனேஜர்.

"பூட்டு இருந்தா ஆள் உள்ள இருக்கான்னு அர்த்தம். நீங்க நடத்தின பாடம் சார்" என்றார் ஃபிட்டர்.

ஃபிட்டருக்கு எல்லார் மேலும் சந்தேகம். டார்ச்சுடன் பெல்ட்டின் அடியில் முழு நீளமும் தேடினார், யாருமில்லை. அப்போதுதான் காலையில் எல்லார் போனுக்கும் வந்த படம் நினைவுக்கு வந்தது: சுவிட்சருகே பூட்டும் கையுமாகச் சிரிக்கும் மேனேஜர்.

"சார், போட்டோவுக்குப் போட்ட பூட்டை எப்போ எடுத்தீங்க?"

மேனேஜரின் கை தானாகப் பைக்குள் போய், சாவியோடு வெளியே வந்தது. அதை நீட்டினார்.

ஃபிட்டர் வாங்கவில்லை. "போட்டவங்கதான் எடுக்கணும் சார். அதுவும் உங்க பாடம்தான்."