சித்தப்பாவுக்கு இங்கிலீஷ் கிடையாது

கல்மண்டபத்து டோரதிக்கு வாய் நீளம் என்பது தெருவுக்கே தெரியும். 1971இல் அந்த வாய்தான் ஒருவனின் வேலையைக் காப்பாற்றியது என்பதை மட்டும் தெரு ஒப்புக்கொள்ளாது.

எண்ணூர்ப் பக்கத் தொழிற்சாலை ஒன்றில் அவள் டைப்பிஸ்ட். அங்கே பட்டறை ஆள் பரசுராமன் மொட்டைத் தலையோடு விசாரணைக்கு நின்றான். அப்பா செத்தார் என்று இரண்டு தடவை லீவு எடுத்திருக்கிறான். யாருக்கு இரண்டு அப்பா? பொய் நிரூபணமானால் சீட்டு கிழியும்.

இரண்டாம் தடவை அவன் தமிழில் எழுதியது சித்தப்பா என்றுதான். இங்கிலீஷில் 'ஃபாதர்' ஆக்கியவர் ஹெட் கிளார்க் லியோனார்ட்.

"அங்கிள்னு போட்டா லீவு இல்லம்மா. அந்த வார்த்தைல மாமனும் கீறான், பக்கத்து வூட்டுக்காரனும் கீறான். பாவமேன்னு அப்பனாக்கிட்டேன்" என்று விசாரணை அறை வாசலில் டோரதியிடம் முனகினார். நல்ல மனசுதான், ஒரு குடும்பத்தைத் தெருவில் நிறுத்தப் பார்த்த நல்ல மனசு.

மொழிபெயர்க்க டோரதி உள்ளே போனாள். தமிழ் தெரியாத பம்பாய் மேனேஜர், "அங்கிளா, ஃபாதரா? ஒரே வார்த்தையில் சொல்" என்றார். முன்னது லீவைக் கெடுக்கும், பின்னது பொய்யாகும்.

"இரண்டும் இல்லை சார். உங்கள் இங்கிலீஷில் அந்த உறவுக்கு நாற்காலியே போடவில்லை."

ஃபோர்மேன் வால்டர் குறுக்கே புகுந்தார். "செத்தவர இவன் நீ, வா, போன்னுதான் பேசுவான். அப்பன் மாதிரியாம்!"

டோரதி மொழிபெயர்த்ததும் மேனேஜர் விழித்தார். 'யூ' என்பதில் என்ன தப்பு?

"எங்களுக்கு 'யூ' இரண்டு சார். வெளியாளுக்கு நீங்க. தூக்கி வளர்த்தவரிடம் நீ. குறைவது மரியாதை இல்லை, தூரம்." பரசுராமனைப் பார்த்தாள். "கொள்ளி வெச்சது யாரு?"

"நாந்தான்க்கா. அவருக்குப் புள்ள இல்ல. அண்ணன் புள்ளன்னா சொந்தப் புள்ளதான?"

மேனேஜருக்கு 'அக்கா' மட்டும் புரிந்துவிட்டது. "இவன் உன் தம்பியா?"

"என்னைவிட மூன்று வயது மூத்தவன் சார். என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட இவனுக்கு மனசு வரவில்லை, அவ்வளவுதான்."

மேனேஜர் சிரித்துவிட்டார். டோரதி விடவில்லை. அப்பாவின் தம்பி, அப்பா என்ற சொல்லை உள்ளே வைத்திருக்கும் உறவு, பிள்ளையில்லாதவர், அவருக்குக் கொள்ளி வைத்தவன் இவன், பதினாறு நாள் காரியம் செய்தவன் இவன் என்று ஒரு சொல்லுக்கு ஒரு பக்கம் டைப் அடித்துக் கொடுத்தாள். சொல்லுக்குச் சொல் தேடியிருந்தால் ஆள் தொலைந்திருப்பான். அந்த உறவு என்ன செய்யச் சொல்கிறது என்பதைத்தான் அவள் கரை சேர்த்தாள்.

மேனேஜர் இருமுறை படித்தார். "தந்தைக்குரிய கடமை செய்தவனுக்கு லீவு உண்டு" என்று கையெழுத்திட்டார்.

லீவுப் படிவத்தில் உறவு என்ற கட்டத்தில் டோரதி சித்தப்பா என்றே இங்கிலீஷ் எழுத்தில் அடித்தாள்.

"இன்னாம்மா இது? மேலாபீஸ்ல கேப்பானுங்களே!" என்று லியோனார்ட் பதறினார்.

"கேக்கட்டும்ண்ணே. நான் போய் சொல்லிக் குடுக்கிறேன்."